ஒரே தாளில் பல பக்கம்: பிடிஎஃப் அச்சிடும்போது எழுத்து தெரிய சில குறிப்புகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் பிடிஎஃப் கோப்புகளுக்குப் பஞ்சமே இல்லை. வாட்ஸ்அப் குழுவில் வந்தது, பயிற்சி மையம் கொடுத்தது, சீனியர் அனுப்பியது என்று நூறு பக்கம், இருநூறு பக்கம் சேர்ந்துவிடும். பக்கத்துக்கு ஒரு தாள் என்று அச்சிட்டால் காகிதக் கட்டு கரைகிறது. நாலு பக்கத்தை ஒரே தாளில் போட்டால் பூதக்கண்ணாடி தேட வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. 120 பக்க நோட்ஸ் ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஏ4 அளவு, எழுத்து சைஸ் 12, நாலு பக்கமும் ஒரு அங்குல ஓரம். வேர்டில் தட்டச்சு செய்து பிடிஎஃப் ஆக்கிய பெரும்பாலான நோட்ஸ் இந்த மாதிரிதான் இருக்கும்.

1. எத்தனை பக்கம் போடலாம் என்று யோசிக்கும் முன், எழுத்து எந்த அளவுக்குச் சுருங்கும் என்று பாருங்கள். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் வரும் ஏ5-க்கும் நீள அகல விகிதம் அதேதான். அதனால் ஒரு தாளில் இரண்டு பக்கம் போட்டால் ஒவ்வொன்றும் சுமார் 71 சதவீதமாகும், நாலு போட்டால் சரியாகப் பாதியாகும். 12 சைஸ் எழுத்து இரண்டு பக்கத்தில் எட்டரையாகவும், நாலு பக்கத்தில் ஆறாகவும் நிற்கும். பிரிண்டர் தன் பங்குக்கு ஓரத்தில் கொஞ்சம் இடம் விடுமாதலால், கையில் வருவது இதைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். ஆங்கிலத்தில் ஆறு சைஸ் எழுத்தைச் சிரமப்பட்டாவது படித்துவிடலாம். தமிழில் முடியாது. ண, ன, ஞ, ணு போன்றவற்றின் சுழிகள் ஒட்டிக்கொள்ளும், மேலே வைத்த புள்ளி தூசி போல ஆகிவிடும். புள்ளி போனால் ‘கல்’ எது ‘கல’ எது என்று சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். தமிழ் நோட்ஸுக்கு எட்டுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் கணக்கு. நாற்பது வயதைத் தாண்டியவர் படிப்பதாக இருந்தால் ஒன்பது.

இன்னொரு கணக்கையும் பார்த்துவிடுங்கள். நம் 120 பக்க நோட்ஸை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டால் 120 தாள். தாளின் ஒரு புறத்தில் இரண்டு பக்கம் வைத்து, இருபுறமும் அச்சிட்டால் 30 தாள். நாலு பக்கம் வைத்தால் 15. முதல் படியிலேயே 90 தாள் மிச்சமாகிவிடுகிறது. அடுத்த படியில் கிடைப்பது வெறும் 15. அந்தப் பதினைந்து தாளுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

2. ஆறு பக்கம் என்ற எண்ணை, நெட்டுவாக்கில் உள்ள சாதாரணப் பக்கங்களுக்குத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஏ4 தாளை ஆறு கட்டமாகப் பிரித்தால் கட்டங்கள் கிட்டத்தட்டச் சதுரமாக அமையும். நெட்டையான பக்கம் அதற்குள் உட்கார வேண்டுமானால் இரு பக்கமும் வெற்றிடம் விட்டுத்தான் சுருங்கும். எட்டுக் கட்டமாகப் பிரித்தால் பக்கம் கச்சிதமாகப் பொருந்தும். ஆக, ஆறு பக்கம் போட்டாலும் எட்டு பக்கம் போட்டாலும் எழுத்தின் அளவு ஒன்றுதான், சுமார் 35 சதவீதம். இரண்டுமே படிக்க உதவாது என்பது வேறு விஷயம். எது எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ள மட்டும் பயன்படும்.

3. எழுத்தைப் பெரிதாக வைத்துக்கொள்ள உண்மையான வழி ஓரத்தை வெட்டுவதுதான். இதைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. பக்கத்தைச் சுருக்கும்போது எழுத்தோடு சேர்த்து வெள்ளை ஓரத்தையும் சுருக்கி, அந்த வெள்ளைக்கும் தாளில் இடம் கொடுக்கிறோம். நம் உதாரணத்தில் பக்கம் 210 மி.மீ. அகலம், 297 மி.மீ. உயரம். ஒரு அங்குல ஓரம் போக எழுத்து இருக்கும் பகுதி சுமார் 159-க்கு 246 மட்டுமே. பரப்பளவில் பார்த்தால் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் வெள்ளை.

இப்போது தாளைக் கிடைவாக்கில் வைத்து, பாதி பாதியாக இரண்டு பக்கம் போடுகிறோம். பிரிண்டர் ஓரம் போக ஒரு பாதியில் நமக்குக் கிடைப்பது சுமார் 138-க்கு 200 மி.மீ. வெட்டாத பக்கத்தை இதற்குள் அடைத்தால் எழுத்து எட்டுக்குச் சற்றுக் கீழே போகும். ஓரத்தை வெட்டிவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் அடைத்தால் 246 மி.மீ. உயரம் 200 ஆகிறது, அதாவது 81 சதவீதம். 12 சைஸ் எழுத்து 9.7 ஆக நிற்கிறது. தாளின் எண்ணிக்கை அதே 30. ஒரு தாள்கூட அதிகமாகவில்லை, எழுத்து மட்டும் ஏறக்குறைய இரண்டு சைஸ் பெரிதாகிவிட்டது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அகலமும் உயரமும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. எது முதலில் இடிக்கிறதோ அதுதான் எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும். மேலே சொன்ன கணக்கில் உயரம்தான் இடிக்கிறது. ஆகவே இடது வலது ஓரங்களை இன்னும் ஒட்ட வெட்டினாலும் பயனில்லை. மேலும் கீழும் உள்ளதைக் குறைத்தால்தான் எழுத்து வளரும். பல நோட்ஸில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பயிற்சி மையத்தின் பெயர், தொலைபேசி எண், டெலிகிராம் முகவரி என்று ஒரு பட்டை இருக்கும். அதையும் சேர்த்து வெட்டிவிடுங்கள். பக்க எண்ணை மட்டும் விட்டுவையுங்கள். கட்டு ஒருமுறை கைதவறி விழுந்தால் வரிசைப்படுத்த அது ஒன்றுதான் துணை.

4. வெட்டுவதற்கு எதைப் பயன்படுத்துவது? உங்களிடம் மூல வேர்டு கோப்பு இருந்தால் வேலை சுலபம்: ஓரத்தைக் குறைத்துவிட்டு மறுபடி பிடிஎஃப் ஆக்குங்கள். இல்லையென்றால், மேக் கணினியில் Preview-விலேயே வெட்டலாம். பக்கத்தில் வேண்டிய பகுதியைக் கட்டமிட்டு, பக்கவாட்டில் உள்ள சிறுபடங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, Tools பட்டியலில் Crop கொடுத்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வெட்டப்படும். விண்டோஸில் Briss என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே இருக்கிறது, ஓடுவதற்கு ஜாவா வேண்டும். அது எல்லாப் பக்கங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நிழலாகக் காட்டும். எந்தப் பக்கத்திலாவது எழுத்து ஓரம்வரை நீண்டிருந்தால் அந்த நிழலில் தெரிந்துவிடும், வெட்டில் அகப்படாமல் காப்பாற்றிவிடலாம். புத்தகமாக அச்சான கோப்புகளில் ஒற்றைப்படைப் பக்கத்துக்கு ஒரு புறமும் இரட்டைப்படைப் பக்கத்துக்கு மறுபுறமும் ஓரம் அதிகமாக இருக்கும். Briss அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுவது பெரிய வசதி.

லினக்ஸ் பழகியவர்களுக்கு pdfjam இருக்கிறது. வெட்டுவதையும் இரண்டிரண்டாக அடுக்குவதையும் ஒரே வரியில் முடித்துவிடும்:

```
pdfjam --nup 2x1 --landscape --paper a4paper \
  --trim '22mm 22mm 22mm 22mm' --clip true \
  --outfile rendu.pdf notes.pdf
```

அந்த நாலு அளவுகளும் வரிசையாக இடது, கீழ், வலது, மேல். ஒரு அங்குலம் என்பது 25 மி.மீ.-க்குச் சற்று அதிகம். நான் 22 மட்டும் வெட்டுவது, எழுத்துக்கும் வெட்டுக்கும் நடுவே மூன்று மி.மீ. இடைவெளி இருக்கட்டும் என்றுதான். இல்லையென்றால் பக்கத்துப் பக்க வரிகள் இரண்டும் ஒட்டி, கண் இங்கிருந்து அங்கே தாவிவிடும். கீழே பக்க எண் இருந்தால் இரண்டாவது அளவை மட்டும் குறையுங்கள்.

இணையத்தில் கோப்பை ஏற்றி வெட்டித் தரும் தளங்களும் ஏராளம். தேர்வு நோட்ஸுக்குப் பரவாயில்லை. வங்கிக் கணக்கு விவரம், ஆதார், சொத்துப் பத்திரம் ஆகியவற்றை அங்கே ஏற்றாதீர்கள்.

5. எத்தனை பக்கம் என்பதை ஒரே இடத்தில் மட்டும் சொல்லுங்கள். அடோபி ரீடரில் அச்சுப் பெட்டியைத் திறந்தால் Size, Poster, Multiple, Booklet என்று நாலு பொத்தான்கள் இருக்கும். Multiple-ஐ அழுத்தி Pages per sheet-ல் 2 என்று கொடுத்தால் போதும். ஆனால் பிரிண்டரின் சொந்த அமைப்புப் பெட்டியிலும் இதே வசதி உண்டு. போன வாரம் யாரோ அங்கே 2 என்று வைத்துவிட்டுப் போயிருந்தால், ரீடர் இரண்டாக்கியதைப் பிரிண்டர் மறுபடி இரண்டாக்கி, தாளில் நாலு குட்டிப் பக்கங்களாக வரும். பக்கங்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

குரோமில் திறந்தால் More settings-க்குள் Pages per sheet இருக்கிறது. அங்கே 1, 2, 4, 6, 9, 16 மட்டும்தான், இஷ்டப்பட்ட எண்ணைக் கொடுக்க முடியாது. ரீடரில் Custom என்று தேர்ந்தெடுத்துக் குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று நாமே சொல்லலாம். இந்த வசதி பத்தாவது குறிப்பில் கைகொடுக்கும்.

6. முழுவதையும் அச்சிடும் முன் ஒரே ஒரு தாள் எடுத்துப் பாருங்கள். அதற்கு முதல் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. முதல் பக்கத்தில் தலைப்பு பெரிதாகத்தான் இருக்கும், எல்லாம் சரி என்று தோன்றும். கோப்பைப் புரட்டி, எழுத்து ஆகச் சிறியதாக உள்ள பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அட்டவணை, அடிக்குறிப்பு, வரைபடம் இருக்கும் பக்கமாக இருக்கும். அந்தப் பக்கத்தையும் அதை அடுத்த பக்கத்தையும் மட்டும் அச்சிட்டு, பிள்ளை வழக்கமாகப் படிக்கும் இடத்தில், வழக்கமான விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிகள் தெரிகின்றனவா, ‘ணு’வின் சுழிகள் திறந்திருக்கின்றனவா, எண்களில் 3-ம் 8-ம் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். ஆண்டுகளை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குக் கடைசியாகச் சொன்னது மிக முக்கியம்.

சரியாக வரவில்லை என்றால் எப்படிக் கெட்டிருக்கிறது என்பதிலேயே காரணமும் இருக்கிறது. சுழிகளுக்குள் கறுப்பு நிறைந்து அடைத்திருந்தால், இங்க் பிரிண்டரில் மை காகிதத்தில் ஊறிப் பரவுகிறது என்று பொருள். சற்று நல்ல காகிதம் வாங்கினால் சரியாகும். கோடுகள் விட்டுவிட்டு, புள்ளி புள்ளியாக வந்தால் டோனர் சிக்கனமோ சாம்பல் நிற எழுத்தோ காரணம். இதற்கு அடுத்த குறிப்பைப் பாருங்கள். எழுத்தின் விளிம்பு பனிமூட்டம் போல மங்கியிருந்தால் கோப்பிலேயே குறை. யாரோ கைப்பேசியில் படம் எடுத்துப் பிடிஎஃப் ஆக்கியிருப்பார்கள். அதற்கு எந்த அமைப்பும் உதவாது, ஒரு தாளுக்கு ஒரு பக்கமாகவே அச்சிடுங்கள்.

7. காகிதத்தை மிச்சம் பிடிக்கும்போது மையையும் சேர்த்து மிச்சம் பிடிக்காதீர்கள். அடோபி ரீடரில் Save ink/toner என்ற கட்டமும், பிரிண்டர் அமைப்பில் Draft, EconoMode, Toner Save போன்ற பெயர்களும் இருக்கும். பெரிய எழுத்தில் இவை நல்லதுதான். எட்டு ஒன்பது சைஸில் ஒரு கோட்டின் தடிமன் முடியளவுதான் இருக்கும், அதையும் வெளிறச் செய்தால் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும்.

நிற எழுத்து இன்னொரு தொல்லை. கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டரால் சாம்பல் நிறத்தை அச்சிட முடியாது. கறுப்புப் புள்ளிகளை இடைவெளி விட்டு வைத்து, சாம்பல் போலத் தோன்றச் செய்கிறது. சிவப்பிலும் நீலத்திலும் முக்கியக் குறிப்புகளை எழுதிய நோட்ஸைச் சுருக்கி அச்சிட்டால், முக்கியமான வரிகள்தான் உடைந்து போயிருக்கும்! சில பிரிண்டர்களின் அமைப்பில் எல்லா எழுத்தையும் கறுப்பாகவே அச்சிடு என்று ஒரு தேர்வு உண்டு, பெரும்பாலும் Print all text as black என்று இருக்கும். இருந்தால் அதை அழுத்திவிடுங்கள்.

8. சுருக்கிய வடிவத்தை முதலில் ஒரு புதிய பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் பிரிண்டர் பட்டியலில் Microsoft Print to PDF என்று ஒன்று இருக்கும். ரீடரில் Multiple, 2 என்று எல்லாம் கொடுத்துவிட்டு, பிரிண்டராக இதைத் தேர்ந்தெடுத்தால் காகிதத்துக்குப் பதில் ஒரு கோப்பு வரும். நம் 120 பக்க நோட்ஸ் 60 பக்கக் கோப்பாகிவிடும். திரையிலேயே திறந்து வரிசை சரியா, வெட்டு சரியா என்று பார்த்துவிடலாம்.

ஜெராக்ஸ் கடையில் கொடுக்கிறவர்களுக்கு இதில் லாபம் அதிகம். கடைக்காரர் அவசரத்தில் எந்த அமைப்பில் கை வைப்பார் என்று சொல்ல முடியாது. 60 பக்கக் கோப்பாகக் கொடுத்து, “அண்ணா, இது ஏற்கெனவே ரெண்டு ரெண்டா போட்டதுதான். அப்படியே பேக் டு பேக் எடுத்துக் கொடுங்க” என்றால் தவறு நடக்க வழியில்லை. முதல் தாளை வாங்கிப் பார்த்த பிறகு மீதியை எடுக்கச் சொல்லுங்கள். கட்டணத்தையும் முன்பே கேட்டுவிடுங்கள். பல கடைகளில் தாள் கணக்கு இல்லை, அச்சாகும் பக்கக் கணக்குத்தான். அங்கே இருபுறமும் எடுப்பதால் காகிதம் மிச்சமாகுமே தவிரப் பணம் பெரிதாகக் குறையாது. பணத்தைக் குறைப்பது ஒரு புறத்தில் இரண்டு பக்கம் வைப்பதுதான்.

9. இருபுறமும் அச்சிடும்போது தலைகீழாக வருவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு பக்கம் போட்ட தாள் கிடைவாக்கில் இருக்கும். அதை இடப்பக்கம் தைத்துப் புத்தகம் போலப் புரட்ட வேண்டுமானால் Flip on short edge தேர்ந்தெடுங்கள். நாலு பக்கம் போட்டதோ நெட்டுவாக்கில் இருக்கும், அதற்கு long edge.

வீட்டுப் பிரிண்டர் தானாகத் திருப்பாது, நாமே தாளைத் திருப்பிப் போட வேண்டும் என்றால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ரீடரில் Odd pages only கொடுத்து ஒரு புறம் முதலில் அச்சிடலாம் என்று தோன்றும். அந்தத் தேர்வு கோப்பின் பக்கங்களைத்தான் பார்க்கும், தாளின் புறத்தைப் பார்க்காது. முதல் தாளில் ஒன்றாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் சேர்ந்து வந்து நிற்கும், வரிசையே குலைந்துவிடும். எட்டாவது குறிப்பில் சொன்னபடி 60 பக்கக் கோப்பைச் செய்துவிட்டு, அதைப் பக்கத்துக்கு ஒரு புறமாக, முதலில் ஒற்றைப்படை பிறகு இரட்டைப்படை என்று அச்சிடுங்கள். தாளை எந்தப் பக்கமாகத் திருப்பி வைப்பது என்பது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். ஒரு தாளின் மூலையில் பென்சிலால் குறியிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபுறம் அச்சிட 70 ஜிஎஸ்எம் காகிதம் போட்டால் பின்புற எழுத்து முன்னே நிழலாடும். சின்ன எழுத்துக்கு அது பெரிய இடைஞ்சல், 75 அல்லது 80 வாங்குங்கள்.

10. பவர்பாயிண்ட் ஸ்லைடுகளுக்குக் கணக்கு வேறு. அவை கிடைவாக்கில், அகலமாக இருக்கும். எழுத்தும் 18, 24 என்று பெரிதாகவே இருக்கும். நெட்டுவாக்குத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று ஸ்லைடு வைத்தால் 18 சைஸ் எழுத்து ஒன்பதுக்குப் பக்கத்தில் நிற்கும், பக்கவாட்டில் கையால் குறிப்பெழுதவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். ரீடரில் Custom-ல் 1 by 3 என்று கொடுக்க வேண்டும். கிடைவாக்கில் நாலு வைத்தால் எட்டுக்குச் சற்றுக் கீழே, ஆங்கில ஸ்லைடானால் அதுவும் பரவாயில்லை. இரண்டு வரிசையாக ஆறு வைக்க நினைத்தால் அதைவிட 2 by 4 என்று எட்டு வைத்துவிடலாம். ஸ்லைடின் அகலம்தான் இடிக்கிறது என்பதால் எழுத்து இரண்டிலும் ஒரே அளவுதான். கருநீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள ஸ்லைடுகளை மட்டும் சுருக்காதீர்கள். மெல்லிய வெள்ளைக் கோடுகளைச் சுற்றியுள்ள கறுப்பு விழுங்கிவிடும், டோனரும் தீரும்.

11. சிலவற்றைச் சுருக்கவே கூடாது. பார்கோடு, கியூஆர் கோடு உள்ள ஹால் டிக்கெட், இ-ஆதார், பயணச்சீட்டு போன்றவற்றை அசல் அளவில்தான் எடுக்க வேண்டும். பாதியாகச் சுருங்கிய கோட்டைத் தேர்வு மையத்து வாசலில் கருவி படிக்க மறுத்தால் அங்கே நின்று வாதாட முடியாது. கையால் நிரப்பிக் கொடுக்க வேண்டிய விண்ணப்பங்களும், ஓஎம்ஆர் பயிற்சித் தாள்களும் அப்படியே. வீட்டு வரைபடம், நில அளவை வரைபடம் ஆகியவற்றில் அளவுகோல் குறிப்பு இருக்கும். சுருக்கினால் ஸ்கேல் வைத்து அளக்கும்போது எல்லாமே தப்பாக வரும். இவற்றை அச்சிடும்போது ரீடரில் Size பொத்தானை அழுத்தி Actual size கொடுங்கள். வழக்கமாக அங்கே நிற்கும் Fit என்பதும் சில சதவீதம் மாற்றிவிடக்கூடும்.